குன்னூர்–ஊட்டி தினப் பயணம்: ஹைபிரிட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை எப்போது திரும்பும்?

*கேள்வி:* குன்னூர் பெட்ஃபோர்டில் வீடு, ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் ஆபீஸ். போக வர 38 கிலோமீட்டர், மாதம் 24 நாள். மாதம் ஒரு தடவை கோயம்புத்தூர். பழைய வண்டி லிட்டருக்கு 11தான் கொடுக்கிறது, மாற்றப் போகிறேன். ஒரே மாடலில் சாதாரண ஆட்டோமேட்டிக்கைவிட ஸ்ட்ராங் ஹைபிரிட் ஆன்ரோடில் 2.60 லட்சம் கூட வருகிறது. "மைலேஜ் 28, நாலு வருஷத்தில் அந்தக் காசை எடுத்துடலாம்" என்கிறார்கள் ஷோரூமில். லோன் போட்டுத்தான் வாங்கணும். இது உண்மையா அண்ணா?

*பதில்:*

நாலு வருஷத்தில் வராது. என் கணக்கில் ஒன்பது வருஷத்துக்கு மேல் ஆகும்; லோன் வட்டியையும் சேர்த்தால் பன்னிரண்டை நெருங்கும். அதற்காக ஹைபிரிட்டே வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடவும் மாட்டேன். உங்களுடையது விளிம்பில் நிற்கிற கணக்கு. எந்தப் பக்கம் சாயும் என்பதை நம் மலைப்பாதையும், வண்டியை எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள் என்பதும்தான் முடிவு செய்யும்.

முதலில் அந்த நாலு வருஷம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் பழைய வண்டி 11 கொடுத்தால் கிலோமீட்டருக்கு 9 ரூபாய் 27 பைசா. ஹைபிரிட் 28 கொடுத்தால் 3 ரூபாய் 64 பைசா. வித்தியாசம் 5 ரூபாய் 63 பைசா. வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டினால் 67,500 ரூபாய் மிச்சம். 2.60 லட்சத்தை அதால் வகுத்தால் நாலு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. கூட்டல் கழித்தல் சரிதான். ஒப்பிட்ட இரண்டும்தான் தப்பு.

பழைய வண்டியின் 11 என்பது ரோட்டில் கிடைத்த எண். ஹைபிரிட்டின் 28 என்பது ஏஆர்ஏஐ என்கிற வாகனச் சோதனை நிறுவனத்தின் சான்றிதழில் இருக்கிற எண். சான்றிதழ் சோதனை ஆய்வகத்தில் உருளைகள் மேல் வண்டியை ஓட்டி எடுப்பது. அங்கே ஏற்றம் கிடையாது, ஏசி கிடையாது, சீசன் நெரிசல் கிடையாது. அதைவிட முக்கியமான தப்பு இன்னொன்று. பழைய வண்டியை நீங்கள் எப்படியும் விற்கப் போகிறீர்கள். அதை விட்டு வருவதால் கிடைக்கிற மிச்சத்தில் பெரும்பகுதி சாதாரண ஆட்டோமேட்டிக்கை வாங்கினாலும் கிடைத்துவிடும். கூடுதல் 2.60 லட்சம் எதை வாங்கித் தருகிறது என்று தெரிய வேண்டுமானால், அதே மாடலின் ஹைபிரிட் அல்லாத புது வண்டியோடுதான் ஒப்பிட வேண்டும்.

அப்படி ஒப்பிடும்போது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்கிற எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள். அது கண்ணைக் கட்டிவிடும். நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிப் போடுங்கள். நீங்கள் சொல்கிற விலை வித்தியாசத்தைப் பார்த்தால் கிராண்ட் விட்டாரா அல்லது ஹைரைடர் என்று நினைக்கிறேன். கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்குச் சான்றிதழ் எண் 27.97, 1.5 லிட்டர் ஆட்டோமேட்டிக்குக்கு 20.58. திருப்பிப் போட்டால் 3.58 லிட்டரும் 4.86 லிட்டரும். நூறு கிலோமீட்டருக்கு மிச்சம் 1.28 லிட்டர்தான். அதாவது 131 ரூபாய். இந்த எண்ணை மட்டும் நம்பினால் 2.60 லட்சம் திரும்பிவர 16 வருஷத்துக்கு மேல் ஆகும்!

உண்மையில் அவ்வளவு மோசம் இல்லை. ரோட்டில் இரண்டு வண்டியின் மைலேஜும் குறையும், ஆனால் சாதாரண ஆட்டோமேட்டிக் குறைகிற அளவுக்கு ஹைபிரிட் குறையாது. நம் ரோட்டில் சாதாரண ஆட்டோமேட்டிக்குக்கு 13, ஹைபிரிட்டுக்கு 19 என்று வைத்துப் பாருங்கள். 7.69 லிட்டரும் 5.26 லிட்டரும். மிச்சம் 2.43 லிட்டர், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மைலேஜ் 28-லிருந்து 19-க்கு இறங்கியது பார்வைக்கு நஷ்டம் போலத் தெரியும். மிச்சமாகும் பணம் கூடியிருக்கிறது. அதனால் சான்றிதழ் எண்ணை வைத்து "லாபம்" என்பவரையும் நம்ப வேண்டாம், அதே எண்ணை வைத்து "நஷ்டம்" என்பவரையும் நம்ப வேண்டாம். உங்கள் வழித்தடத்து எண்தான் வேண்டும்.

இனி அந்த வழித்தடத்துக்கு வருவோம். சமவெளிக்காரர்கள் எழுதுகிற ஹைபிரிட் கணக்கு எதிலும் இந்தப் பகுதி இருக்காது.

குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. காலையில் 390 மீட்டர் ஏறுகிறீர்கள், சாயங்காலம் அதே அளவு இறங்குகிறீர்கள். ஆளோடு சேர்த்து 1,350 கிலோ எடையுள்ள வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்க 1.4 யூனிட் வேண்டும். கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான். ஏறும்போது அதை இன்ஜின்தான் கொடுத்தாக வேண்டும். பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 0.76 யூனிட், அதிலும் ஏறத்தாழ பாதியைத்தான் கம்ப்யூட்டர் புழங்க விடும், முழுக்கக் காலியாகவும் விடாது, முழுக்க நிரம்பவும் விடாது. ஆகவே வெலிங்டன் தாண்டிச் சரியான ஏற்றம் பிடித்ததும் பேட்டரி உதவி சீக்கிரம் தீர்ந்து, இன்ஜின் தனியாக இழுக்கும். ஹைபிரிட்டின் இன்ஜின் அட்கின்சன் முறையில் ஓடுவது, அதனால் பெட்ரோலைச் சிக்கனமாகவே எரிக்கும். ஆனால் எந்தப் பெட்ரோல் இன்ஜினும் நல்ல பாரத்தோடு இழுக்கும்போதுதான் தன் திறமையான நிலையில் இருக்கும். அதாவது ஏற்றத்தில் சாதாரண இன்ஜினும் நன்றாகவே வேலை செய்கிறது. இரண்டுக்கும் இடைவெளி குறுகுகிற இடம் இது.

"இறக்கத்தில்தான் பேட்டரி இலவசமாக நிரம்புமே" என்பார்கள். நிரம்பும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. இறங்கும்போது கிடைக்கிற 1.4 யூனிட்டில் பாதிக்கு மேல் டயரின் உராய்விலும் காற்றைக் கிழிப்பதிலும் போய்விடும். மிச்சத்தை மோட்டார் மின்சாரமாக்கும்போது இன்னும் கொஞ்சம் போகும். பேட்டரிக்குள் சேர்வது 0.4 யூனிட் என்று தாராளமாகவே வைப்போம். அதே மின்சாரத்தை இன்ஜினை ஓட்டித் தயாரித்திருந்தால் சுமார் 130 மில்லி பெட்ரோல் செலவாகியிருக்கும். 13 ரூபாய். ஊட்டியிலிருந்து குன்னூர் வரை இறங்கி வந்ததற்குத் தினசரிக் கூலி அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு: சாதாரண வண்டியும் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது இன்ஜினுக்குப் பெட்ரோல் போகாது. இன்றைய எல்லா இன்ஜினிலும் அந்த நேரத்தில் பெட்ரோலைத் தெளிக்கிற ஊசி மூடிக்கொள்ளும். இறக்கத்தில் சாதாரண வண்டி பெட்ரோலைக் குடித்துக்கொண்டே வருகிறது என்பது தவறான நினைப்பு.

நல்ல வேளையாக உங்கள் 390 மீட்டர் இந்தச் சின்ன பேட்டரிக்கு ஏறத்தாழ அளவெடுத்தது மாதிரி. கோயம்புத்தூர் பயணம் அப்படி இல்லை. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 1,500 மீட்டர் இறக்கம், ஐந்தரை யூனிட். உராய்வு போனாலும் மூன்று மூன்றரை யூனிட் கையில் வரும். படிக்கணக்கில் கொட்டுகிற பாலை ஆழாக்கில் பிடிப்பது போலத்தான். பர்லியார் வருவதற்கு முன்பே பேட்டரி நிரம்பிவிடும். இதை நீங்களே காதால் கேட்கலாம்: திரையில் பேட்டரிக் கோடுகள் நிரம்பியதும், கால் ஆக்சிலேட்டரில் இல்லாதபோதே இன்ஜின் திடீரென்று உறுமத் தொடங்கும். வண்டி கெட்டுவிட்டது என்று சிலர் பயந்து பட்டறைக்கு எடுத்துவருகிறார்கள். பிடிக்க இடமில்லாத சக்தியை, பெட்ரோல் இல்லாமல் இன்ஜினைச் சுழற்றி வண்டி வீணடிக்கிறது, அவ்வளவுதான்; பிரேக் சூடாகாமல் இருக்க அது தேவை. ஆனால் அந்த உறுமல் கேட்கிற இடத்திலிருந்து கல்லாறு வரை உங்கள் ஹைபிரிட்டுக்கு மைலேஜில் எந்த மேன்மையும் கிடையாது. திரும்பி ஏறும்போதும் பெரும்பாலும் அதே கதை.

அடுத்தது குளிர். ஹைபிரிட்டின் மிச்சம் எல்லாம் இன்ஜின் அணைந்திருக்கிற நிமிஷங்களில்தான் இருக்கிறது. ஆனால் இன்ஜின் தண்ணீர் ஒரு சூட்டுக்கு வரும் வரை அது அணையாது. ஜனவரியில் ஊட்டியில் நாள் முழுக்க வெளியில் நின்ற வண்டியைச் சாயங்காலம் எடுக்கிறீர்கள். கேத்தி வரை பெரும்பாலும் இறக்கம்தான், பேட்டரியும் இருக்கிறது, இருந்தும் முதல் சில கிலோமீட்டருக்கு இன்ஜின் ஓடும், சூடேறுவதற்காக. ஹீட்டர் போட்டால் இன்னும் நீளும், ஏனென்றால் அந்த வெப்பம் இன்ஜின் தண்ணீரிலிருந்துதான் வருகிறது. உங்களுக்கு ஒரு வழிக்கு 19 கிலோமீட்டர் இருப்பதால் இது தாங்கும். ஊட்டிக்குள்ளேயே மூன்று நான்கு கிலோமீட்டர் தூரத்தில் ஆபீஸ் இருக்கிறவர் என்னிடம் கேட்டால் ஹைபிரிட்டை யோசிக்கவே வேண்டாம் என்பேன். வண்டி சூடாவதற்குள் அவர் இறங்கிவிடுவார்.

அப்படியானால் ஹைபிரிட்டுக்கு நான் வைத்த 19 மைலேஜ் எங்கிருந்து வருகிறது? நெரிசலிலிருந்து. குன்னூர் பஸ் ஸ்டாண்டு, அருவங்காடு, ஊட்டிக்குள் நுழைந்ததும் சேரிங் கிராஸ் வரை நகர்ந்து நின்று நகர்கிற நேரம். ஏப்ரல், மே சீசனில், முக்கியமாக மலர்க்கண்காட்சி நாட்களில், சொல்லவே வேண்டாம். சாதாரண வண்டி நின்றால் இன்ஜினை அணைக்கும், ஆனால் பத்தடி நகரவும் மறுபடி இன்ஜின் வேண்டும். குறைந்த வேகத்தில், குறைந்த பாரத்தில் இன்ஜின் பெட்ரோலை வீணடிக்கிற அளவுக்கு வேறு எங்கும் வீணடிக்காது. ஸ்ட்ராங் ஹைபிரிட் அந்த ஊர்தலை மோட்டாரிலேயே செய்துவிடும். இறங்கி வரும்போது சேர்த்த மின்சாரமும் குன்னூர் கடைத்தெருவில்தான் பயன்படும். 13-க்கும் 19-க்கும் இடையே உங்களுக்கு ஒரு நாளைக்கு மிச்சமாவது 94 ரூபாய் சுமார். அதில் இறக்கத்துப் பங்கு நான் சொன்ன 13 ரூபாய்தான், மீதியில் பெரும்பகுதி இந்த ஊர்தலும் நிற்பதும். நெரிசல் நேரத்துக்கு முன்பே, காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிடுகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் 19 என்பது கைக்கு வராது.

இப்போது வருஷக் கணக்கு. லீவு போக ஆபீஸ் ஓட்டம் 10,000 கிலோமீட்டர். நூறுக்கு 2.43 லிட்டர் மிச்சம், அதாவது 248 ரூபாய், வருஷத்துக்கு 24,800. கோயம்புத்தூர் பயணம் 2,000 கிலோமீட்டர். அதில் சாதாரண வண்டி 15, ஹைபிரிட் 19 என்று வைக்கிறேன். மிச்சம் 2,850 ரூபாய் வரும். இரண்டும் சேர்ந்து 27,600 சொச்சம். மாதம் 2,300 ரூபாய். 2.60 லட்சத்தை இதால் வகுத்தால் ஒன்பது வருஷம் நாலைந்து மாதம்.

நீங்கள் லோன் போடுகிறீர்கள். 9 சதவீதம், ஐந்து வருஷம் என்றால் கூடுதல் 2.60 லட்சத்துக்கு மட்டும் மாதத் தவணை சுமார் 5,400. பெட்ரோலில் மிச்சம் 2,300. ஐந்து வருஷமும் மாதாமாதம் 3,100 ரூபாய் கையைக் கடிக்கும். மொத்தம் கட்டுவது 3.24 லட்சம். ரொக்கமாகக் கொடுத்தாலும் அந்தப் பணத்துக்கு ஒரு வாடகை உண்டு; வங்கியில் வைப்புநிதியாகப் போட்டால் வருகிற வட்டியை இழக்கிறீர்கள். ரொக்கம் என்பதால் வட்டிக் கணக்கே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

விற்கும்போது ஹைபிரிட்டுக்குக் கொஞ்சம் கூடக் கிடைக்கும். எவ்வளவு என்பது பேட்டரியின் வாரண்டியைப் பொறுத்தது. பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி தருகிறார்கள். ஐந்தாம் வருஷம் விற்றால் வாங்குகிறவருக்கு இன்னும் மூன்று வருஷம் தைரியம் இருக்கிறது, ஒரு லட்சம் கூடக் கொடுப்பார் என்று வைப்போம். எட்டாம் வருஷம் அந்தத் தைரியம் போய்விடும். 60,000 என்று வைக்கிறேன். ஐந்து வருஷத்தில் விற்றால்: கட்டியது 3.24 லட்சம், விற்பனையில் திரும்பியது 1 லட்சம், பெட்ரோல் மிச்சம் 1.38 லட்சம். கை நஷ்டம் 86,000. எட்டு வருஷம் ஓட்டினால்: 3.24-லிருந்து 60,000 கழித்து 2.64 லட்சம், பெட்ரோல் மிச்சம் 2.21 லட்சம். நஷ்டம் 43,000. எட்டு வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் 450 ரூபாய். இதைத்தான் விளிம்பு என்றேன். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வண்டி மாற்றுகிறவர் என்றால் பணக் காரணத்துக்காக ஹைபிரிட் வாங்காதீர்கள். பத்து வருஷம் வைத்து ஓட்டுகிறவர் என்றால் ஏறத்தாழ சரிக்குச் சரி.

பெட்ரோல் விலை ஏறினால் நிலைமை மாறுமே என்று தோன்றும். 120 ரூபாய் ஆனாலும் உங்கள் மிச்சம் 32,500தான். ஒன்பதரை வருஷம் எட்டாகும். ஓட்டமும் நெரிசலும்தான் இந்தக் கணக்கைப் புரட்டிப் போடும். இதே வண்டியைக் கோயம்புத்தூரில் காந்திபுரம், அவிநாசி ரோடு என்று ஏசி போட்டு வருஷம் 18,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குச் சாதாரண வண்டி 11, ஹைபிரிட் 21 கொடுத்தால், வருஷத்துக்கு 79,000 ரூபாய் மிச்சம். அவருக்கு மூன்றரை வருஷம்கூட வேண்டாம். சமவெளியில் ஏசிக்காகவே இன்ஜின் ஓட வேண்டியிருக்கும் நேரத்தை ஹைபிரிட் பேட்டரியில் சமாளிக்கிறது. நமக்கு ஊட்டியில் ஏசி எதற்கு? அந்த மிச்சம் நம் கணக்கில் வரவே வராது. ஷோரூம்காரர் சொன்ன நாலு வருஷம் கீழே இருக்கிற வாடிக்கையாளருக்குப் பொருந்தும், மேலே ஏறி வராது.

2.60 லட்சம் என்கிற எண்ணையும் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான காருக்குச் சாலை வரி 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20. எக்ஸ்-ஷோரூமில் 2.10 லட்சம் வித்தியாசம் இருந்தாலே வரியில் 38,000, இன்சூரன்ஸில் கொஞ்சம் என்று ஏறி 2.60 ஆகிவிடும். ஹைபிரிட்டின் மேல்நிலை வேரியன்ட் 20 லட்சத்தைத் தாண்டுகிறதா என்று கொட்டேஷனில் பாருங்கள். தாண்டினால் வரி விகிதமே மாறும், பெட்ரோல் மிச்சத்தில் ஒன்றரை வருஷம் அதிலேயே போய்விடும். பெயரையும் கவனியுங்கள்: "ஸ்மார்ட் ஹைபிரிட்" என்று எழுதியிருப்பது மைல்டு ஹைபிரிட், அது மோட்டாரில் மட்டும் நகராது. நீங்கள் ஒப்பிடுகிற சாதாரண வண்டியே அதுவாக இருக்கலாம்.

கணக்குக்கு வெளியே ஒன்று சொல்ல வேண்டும். ஊட்டி உயரத்தில் காற்று மெலிந்தது. டர்போ இல்லாத இன்ஜின் தன் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். மின்மோட்டார் இழக்காது. ஏற்றத்து வளைவில் நின்று கிளம்பும்போது ஹைபிரிட் இழுக்கிற விதம் நன்றாக இருக்கும், பிரேக் பேடும் அதிக நாள் வரும். அதற்கு மாதம் 450 ரூபாய் கொடுக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றினால் அது நியாயமான செலவுதான். மிச்சம் என்று மட்டும் அதற்குப் பெயர் வைக்க வேண்டாம்.

முடிவு எடுக்குமுன் இதைச் செய்யுங்கள். இரண்டு வண்டியையும் டெஸ்ட் டிரைவுக்கு உங்கள் ஆபீஸ் நேரத்திலேயே கேளுங்கள். ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் எதுவும் தெரியாது. காலையில் இன்ஜின் குளிர்ந்த நிலையில் குன்னூரில் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு ஊட்டிக்கு ஏறி, வண்டியை ஒரு மணி நேரமாவது நிறுத்தி வைத்து, திரும்பக் குன்னூர் வந்த பிறகு எண்ணைப் பாருங்கள். இறங்கி வந்த பாதியை மட்டும் காட்டினால் எந்த வண்டியும் நாற்பது காட்டும். கிளம்பும்போது பேட்டரியில் எத்தனை கோடு இருந்ததோ, முடிக்கும்போதும் அதே அளவு இருக்க வேண்டும். கூடக் குறைய இருந்தால் மைலேஜ் எண் பொய் சொல்லும். பிறகு 102-ஐ ஒவ்வொரு எண்ணாலும் வகுத்து, கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் வித்தியாசம் என்று பாருங்கள். லோன் போட்டு எட்டு வருஷம் வைத்திருக்க, அது 2 ரூபாய் 75 பைசாவுக்கு வர வேண்டும். கோயம்புத்தூர் பயணம் சராசரியைக் கீழே இழுப்பதால், ஆபீஸ் வழித்தடத்தில் 3 ரூபாய் காட்டினால்தான் நான் ஹைபிரிட்டுக்குக் கையெழுத்துப் போடச் சொல்வேன். சாதாரண வண்டி 13 காட்டினால் ஹைபிரிட் 21 காட்ட வேண்டும் என்று அர்த்தம்.